600 சதுர அடி தளத்துக்கு 890 சதுர அடி பலகை

முப்பதுக்கு இருபது அடியில் ஒரு தளம். வீட்டுக்காரர் மனக்கணக்கில் 600 சதுர அடி என்கிறார். சென்ட்ரிங் மேஸ்திரியின் சீட்டில் 890 என்று இருக்கிறது. ஏமாற்றுகிறார் என்று தோன்றும். ஆனால் அந்த 890 சரியான கணக்குதான்.

கான்கிரீட்டை எந்தெந்த முகத்தில் பலகை தாங்கிப் பிடிக்கிறதோ, அந்த முகங்களின் பரப்பே சென்ட்ரிங் அளவு. அரசு வேலைகளிலும் இப்படித்தான் அளக்கிறார்கள். மேலே சொன்ன தளத்தையே எடுத்துக்கொள்வோம். தளத்தின் கனம் 5 அங்குலம். சுற்றிலும் நான்கு பீம், நடுவில் குறுக்காக ஒன்று. எல்லா பீமும் 9 அங்குல அகலம், தளத்தின் கனத்தையும் சேர்த்து 18 அங்குல ஆழம். நான்கு மூலையிலும், நடு பீமின் இரு முனையிலுமாக ஆறு தூண்கள்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரிவது தளத்தின் அடியும் பீம்களின் அடியும். இரண்டையும் தனித்தனியாக அளந்தாலும் கூட்டுத்தொகை 600தான். தூண் தலைகளுக்குக் கழிக்க வேண்டியது மூன்றரை சதுர அடிகூட வராது, விட்டுவிடலாம். பரப்பைக் கூட்டுவது பீமின் பக்கங்கள். வெளிப்பக்கம் தளத்தின் விளிம்பையும் சேர்த்து முழு 18 அங்குலம்; சுற்றளவு 100 அடி; ஆக 150 சதுர அடி. உள்பக்கத்தில் தளத்துக்குக் கீழே தொங்குவது 13 அங்குலம் மட்டுமே. இரண்டு அறைகளின் உள்சுற்றளவு சேர்ந்து 129.5 அடி, அது 140 சதுர அடி. மொத்தம் 890.

தகராறு வருவது இந்த உள்பக்கத்தில்தான். அங்கேயும் 18 அங்குலம் என்று எழுதிவிட்டால், கான்கிரீட்டே படாத இடத்துக்கு 54 சதுர அடி கூடுதலாக ஏறிவிடும். சீட்டை வாங்கியதும் பார்க்க வேண்டிய முதல் வரி இது.

அடுத்தது, எத்தனை பிளைவுட் வாங்குவது. எட்டுக்கு நான்கு ஷீட் ஒன்று 32 சதுர அடி. 890ஐ 32 ஆல் வகுத்தால் 28 ஷீட். கடைக்குப் போய் 28 வாங்கி வந்தால் வேலை பாதியில் நிற்கும், ஏனென்றால் ஷீட்டை வகுத்துப் பயன்படுத்த முடியாது, அறுத்துத்தான் பயன்படுத்த முடியும்.

அறுப்பைத் தாளில் வரைந்து பார்க்கலாம். ஓர் அறையின் உள்ளளவு ஏறக்குறைய 18.5க்கு 13.9 அடி. அதில் ஆறு முழு ஷீட் உட்காரும். இரண்டு ஓரங்களில் மிஞ்சும் பட்டைகளையும் சேர்த்தால், இரு அறைக்கும் 17 ஷீட். பீமின் பக்கப்பலகை அடிப்பலகையின் விளிம்பையும் மூட வேண்டும் என்பதால் ஓர் அங்குலம் கூட்டி அறுக்கிறார்கள். உள்பக்கத்துக்கு 14 அங்குலப் பட்டை, ஒரு ஷீட்டில் மூன்று வரும். 6 ஷீட் ஆகும். வெளிப்பக்கத்துக்கு 19 அங்குலப் பட்டை, ஒரு ஷீட்டில் இரண்டுதான் வரும், 7 ஷீட். இந்த ஏழிலும் 10 அங்குலத் துண்டு ஒவ்வொன்று மிஞ்சுகிறது. அதை வீசிவிடாமல் 9 அங்குல அடிப்பலகையாக்கினால் பீம் அடியில் பாதி முடிந்துவிடும். மீதிக்கு 2 ஷீட் போதும். ஆக 32. துண்டை வீணடிக்கும் ஆசாரிக்கு 33 வேண்டியிருக்கும்.

பலகைக்கு அடியில் ஜாக்கி. 5 அங்குலத் தளத்தில் ஈரக் கான்கிரீட் சதுர அடிக்குச் சுமார் 30 கிலோ. ஆட்கள், பாண்டு, ஓரிடத்தில் குவியும் கான்கிரீட் ஆகியவற்றுக்கு 25, பலகைக்கும் ஸ்பானுக்கும் 5 என்று வைத்தால் 60 கிலோ. நான்கடிக்கு ஒரு ஜாக்கி என்றால், ஒன்று 16 சதுர அடியைத் தாங்குகிறது, ஆகவே அறைகளின் 513 சதுர அடிக்கு 32 போதும் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. வரிசை பீமின் ஓரத்திலேயே தொடங்கி ஓரத்திலேயே முடிய வேண்டும். மூன்று இடைவெளிக்கு நான்கு ஜாக்கி. அப்படி நிறுத்தினால் ஓர் அறைக்கு நாலாறு இருபத்து நான்கு, இரண்டுக்கும் 48. ஒவ்வொன்றின் தலையிலும் 800 கிலோ அளவுக்குச் சுமை. பீம்களுக்கு மூன்றடிக்கு மிகாமல் 41. மொத்தம் 89, கையிருப்போடு 95.

எண்ணிக்கை சரியாக இருந்தும் தளம் தொய்ந்த கதைகள் உண்டு. ஜாக்கியை நீட்ட நீட்ட அதன் தாங்குதிறன் குறையும். முழுக்க நீட்டினால் வெகுவாகக் குறைந்துவிடும். உரிய பின் தொலைந்துபோய், துளையில் துண்டுக் கம்பியைச் செருகியிருப்பது சைட்டுகளில் சகஜமான காட்சி. அடிமண் புதிதாக நிரப்பியதாக இருந்தால், முதல் மழையிலேயே ஜாக்கி புதையும். அடியில் செங்கல் வைத்தால் அது நொறுங்கும். பலகைதான் வைக்க வேண்டும். கான்கிரீட் போடும்போது ஸ்பானுக்கு அடியில் நூல் கட்டி, ஒருவர் கீழேயே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஸ்பான் நூலைத் தொட்டால், மேலே வேலையை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பது அவர் பொறுப்பு.

கடைசியாக, ஒரு ஷீட்டை எத்தனை தடவை பயன்படுத்தலாம்? ஃபிலிம் ஒட்டிய நல்ல ஷீட்டுக்கு விற்பவர்கள் இருபது, இருபத்தைந்து என்பார்கள். அடித்துப் பிடுங்கும் சைட்டில் எட்டு, பத்து என்று வைத்துக்கொள்வதே நிதானம். சாதாரண ஷட்டரிங் பிளைவுட்டுக்கு நான்கைந்து. ஆனால் ஷீட் எத்தனை தடவை தாங்கும் என்பது வேறு, நம் வேலையில் அதற்கு எத்தனை தடவை வாய்ப்பு வரும் என்பது வேறு. இரண்டில் எது குறைவோ அதையே கணக்கில் எடுக்க வேண்டும். ஷீட் 2,000 ரூபாய் என்று வைத்தால் 32 ஷீட்டுக்கு 64,000. எட்டுத் தடவை என்றால் சதுர அடிக்கு 9 ரூபாய். தரைத்தளமும் மாடியுமாக இரண்டே தளம் போடும் வீட்டில் அதுவே 36 ரூபாய். அங்கே வாடகை ஷீட்தான் கட்டுப்படியாகும்.

நாட்களும் இந்தக் கணக்கில் புகுந்துகொள்கின்றன. இந்தியத் தர விதி ஐஎஸ் 456இன்படி, பீமின் பக்கப்பலகையை மறுநாளே கழற்றலாம். ஜாக்கிகளை உடனே திரும்ப நிறுத்துவதாக இருந்தால் தளத்தின் அடிப்பலகையை 3 நாளிலும், பீமின் அடிப்பலகையை 7 நாளிலும் எடுக்கலாம். ஜாக்கிகளோ நாலரை மீட்டருக்கு உட்பட்ட தளத்துக்கு 7 நாள், ஆறு மீட்டருக்கு உட்பட்ட பீமுக்கு 14 நாள் நிற்க வேண்டும். இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்கு. சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் என்றால் இன்னும் சில நாள் கூட்ட வேண்டும். அதற்குள் அடுத்த மாடிக்கு அவசரப்பட்டால் இரண்டாவது செட் ஜாக்கி வேண்டும். அடிப்பலகையையும் ஜாக்கியோடு விட்டுவைக்கும் சைட்டில் பலகைக்கும் இரண்டாவது செட் தேவைப்படும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் கிடைக்கும் தடவை பாதியாகிவிடும்.

ஷீட்டின் ஆயுளை முடிவு செய்வது அதன் விளிம்பு. அறுத்த விளிம்புக்குப் பெயின்ட் அடிக்காமல் விட்டால், அது தண்ணீர் குடித்து உப்பும். கடப்பாரையால் மூலையை நெம்பினால் அடுக்கு பிரியும். அதனால் கழற்றிய ஷீட்டை அடுக்குமுன் தேர்ந்த மேஸ்திரி விளிம்பை விரலால் தடவிப் பார்ப்பார்; ஓரத்தில் தடித்திருந்தால் தளத்தின் அடியில் ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் படி விழும். அப்படிப்பட்டதை ஓரம் சீவி, அடுத்த தளத்தில் பீமின் பக்கப்பலகையாக ஒதுக்கிவிடுவார்.