பத்தாகப் பிரிந்த ஓர் ஒப்பந்தம்

கிள்ளானில் இரவு ஒன்பதரை மணி ஆகும்போது நியூயார்க் பங்குச் சந்தை திறக்கிறது. அங்கே குளிர்காலம் என்றால் பத்தரை. பகலில் சம்பள வேலை, இரவில் அமெரிக்கப் பங்குகளின் மீது ஆப்ஷன் வியாபாரம் என்று இருப்பவர்களிடம் வரிப் பேச்சை எடுத்தால், “மலேசியாவில்தான் பங்கு லாபத்துக்கு வரி இல்லையே” என்பார்கள். வாங்கி வைத்து எப்போதாவது விற்கும் தனிநபருக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால் அடிக்கடி, குறுகிய காலத்துக்கு, லாபத்தையே குறிவைத்து வாங்கி விற்றால் உள்நாட்டு வருமான வரி வாரியம் அதை வியாபாரமாகக் கருதக்கூடும். அப்போது ‘பாரம் பி’யில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு வருமானத்துக்குத் தனிநபர்களுக்கு 2036 வரை விலக்கு இருக்கிறது. அதற்காக, இங்கே உட்கார்ந்து நடத்தும் வியாபாரத்துக்கும் அது பொருந்தும் என்று தாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது.

கணக்கு எழுதுவதில்தான் ஆப்ஷன் விசித்திரமானது. பங்கு என்றால் வாங்கினோம், விற்றோம், இரண்டு முறையும் பணம் கைமாறியது. ஆப்ஷனோ எதுவுமே நடக்காமல் செத்துப்போகும். சில சமயம் பணம் கைமாறாமலே உருவம் மாறும். இந்த இரண்டையும் வங்கிக் கணக்கு காட்டாது.

2024-இல் என்விடியா பங்கில் இரண்டுமே நடந்தன. ஒருவர் அவ்வாண்டு மே மாதம், 2025 ஜனவரி 17-இல் காலாவதியாகும் ஒரு கால் ஆப்ஷனை வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்த விலை 1,400 டாலர். பிரீமியம் பங்குக்கு 40 டாலர். ஓர் ஒப்பந்தம் 100 பங்குகளுக்கு என்பதால் 4,000 டாலர் கொடுத்திருப்பார். ஜூன் 10 முதல் என்விடியாவின் ஒரு பங்கு பத்தாகப் பிரிந்து விற்பனையானது. ஆப்ஷனும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அவரிடம் இருந்த ஓர் ஒப்பந்தம் மறைந்து, 140 டாலர் விலையுள்ள பத்து ஒப்பந்தங்கள் வந்தன. கொடுத்த 4,000 டாலரும் பத்தாகப் பிரிந்து, ஒவ்வொன்றின் அடக்கவிலையும் 400 டாலர் ஆகிறது. இது விற்பனையல்ல, லாபமோ நட்டமோ இல்லை.

நவம்பரில் நான்கை மட்டும் தலா 1,300 டாலருக்கு விற்கிறார். வரவு 5,200, அடக்கம் 1,600, எனவே 2024-இன் லாபம் 3,600 டாலர். மீதி ஆறையும் வைத்திருக்கிறார். ஜனவரி 17 அன்று என்விடியா 140-க்குக் கீழே முடிந்தது; ஆறும் மதிப்பின்றிக் காலாவதியாயின. அந்த 2,400 டாலர் நட்டம் 2025-ஐச் சேர்ந்தது.

இப்போது கணக்கு மென்பொருள் எப்படிக் கெடுக்கும் என்று பாருங்கள். ஜூன் 10-இல் பழைய ஒப்பந்தம் காணாமல் போனதை அது பூஜ்யத்துக்கு விற்றதாக எடுத்துக்கொண்டு 4,000 டாலர் நட்டம் எழுதும். வந்த பத்துக்கும் அடக்கவிலை பூஜ்யம் என்று போடும். நவம்பரில் முழு 5,200-உம் லாபமாகும். ஆக 2024-இல் 1,200 லாபம், 2025-இல் ஒன்றுமில்லை. சரியான கணக்கில் 3,600-இலிருந்து 2,400 போனாலும் அதே 1,200தான். இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துக் கூட்டுகிறவருக்குப் பிழை தெரியவே தெரியாது. ஆனால் வரி ஆண்டாண்டாகப் போடப்படுகிறது. அவர் 2024-க்குக் குறைத்துக் காட்டியிருக்கிறார். 2025-இல் சம்பள வருமானத்தோடு கழித்துக்கொள்ளக்கூடிய வியாபார நட்டத்தையும் தொலைத்துவிட்டார்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. புரோக்கர் அறிக்கையில் எண்ணிக்கை மாறியும் பணத் தொகை பூஜ்யமாக இருக்கும் வரிகளைத் தேடினால் போதும். பிரிப்பும் காலாவதியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். பிரிப்பு என்றால் பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே கணக்கில் இணைத்து, அடக்கத்தைப் பங்கிட்டு எழுத வேண்டும். காலாவதி என்றால் அன்றைய தேதியில், விலை பூஜ்யம் என்று நாமே ஒரு விற்பனை வரியைப் போட வேண்டும்.

ரிங்கிட்டாக மாற்றும்போது இன்னொரு வம்பு. கொள்முதல் நாளில் டாலர் 4.70, விற்ற நாளில் 4.40 என்று கொள்வோம். விற்ற நான்கின் அடக்கம் 7,520 ரிங்கிட், வரவு 22,880, லாபம் 15,360. சோம்பல்பட்டு 3,600 டாலரை மட்டும் 4.40-ஆல் பெருக்கினால் 15,840 வரும். 480 ரிங்கிட் வித்தியாசம் சின்னதுதான். நூறு வியாபாரம் செய்கிறவருக்குச் சின்னதல்ல. அதனால் ஒவ்வொரு வரியிலும் அன்றைய மாற்று விகிதத்தை அப்போதே எழுதிவிடுவது நல்லது. பேங்க் நெகாரா நாள்தோறும் வெளியிடுகிறது. ஆதாரங்களை ஏழு ஆண்டுகள் வைத்திருக்கச் சட்டம் சொல்கிறது. புரோக்கர் மூடப்படலாம், செயலி மாறலாம். மாத அறிக்கைகளை இறக்கித் தனியாகச் சேமிப்பது நம் வேலை.