கரண்ட் போனதும் கேட்ட சத்தம்

கோவையில் முப்பது வருஷம் லேத் பட்டறை நடத்தியவர் என் சித்தப்பா. போன சித்திரையில் ஒரு ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றது. அப்போதுதான் காதுக்குள் சில்வண்டு கத்துவதுபோல் ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தார், மாடிக்குப் போய்ப் பார்த்தார், சத்தமும் கூடவே வந்தது. மூளையில் கட்டியோ, முழுச் செவிடாகிவிடுவோமோ என்று விடியும்வரை தூக்கமில்லை. பத்து நாளில் அதை லாரி ஹாரன் அளவுக்குச் சொல்ல ஆரம்பித்தார்.

காது டாக்டர் பார்த்துவிட்டு ஆடியாலஜிஸ்டிடம் அனுப்பினார். 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்கும் திறன் குறைந்திருந்தது. மெஷின் இரைச்சலில் உழைத்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தான். பிறகு ஹெட்ஃபோனில் ஒரு ஒலியைக் கூட்டிக் குறைத்து, உள்ளே கேட்பதற்குச் சமமானதைக் காட்டச் சொன்னார்கள். சித்தப்பா காட்டியது, அந்தச் சுருதி அவருக்குக் கேட்கத் தொடங்கும் அளவைவிட 6 டெசிபல்தான் கூடுதல். கிசுகிசுப்பைவிடச் சன்னமான வித்தியாசம். “அப்ப நான் பொய் சொல்றேனுங்களா?” என்று கோபப்பட்டார்.

பொய்யில்லை. காதிரைச்சலால் தவிக்கும் பலருக்கும் அளவு இப்படித்தான் வருகிறது. உள்காதின் நுண்ணிய செல்கள் தேய்ந்து, மூளைக்கு வரும் தகவல் குறைகிறது. சிக்னல் கிடைக்காத ரேடியோவில் வால்யூமைக் கூட்டுவதுபோல மூளை தன் பங்குக்குக் கூட்டுகிறது, அந்த இரைச்சல்தான் கேட்கிறது. 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், காது நன்றாகக் கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்தார்கள். ஐந்து நிமிஷத்துக்குள் 94 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு சத்தம் கேட்டது.

ஆக, சத்தம் கேட்பதைவிட, அதை மூளை எந்தக் கணக்கில் வைக்கிறது என்பதே பெரிய விஷயம். ரயில் பாதையோரம் குடியிருக்கும் தாய், ரயில் போனால் எழுவதில்லை. குழந்தை முனகினால் எழுந்துவிடுகிறாள். சித்தப்பாவின் மூளை சில்வண்டைக் குழந்தையின் முனகலாக எடுத்துக்கொண்டது. ஆபத்து என்று முத்திரை விழுந்ததும் உடம்பு விழிக்கிறது, காது கூர்மையாகிறது, சத்தம் பெரிதாகிறது, பயம் கூடுகிறது. ‘இன்னும் இருக்கிறதா’ என்று நிசப்தத்தில் சோதித்துப் பார்ப்பதுதான் இதில் மோசமான பழக்கம். ஒவ்வொரு சோதனையும் அந்த முத்திரையை அழுத்திக் குத்துகிறது.

இரைச்சலை அடியோடு நிறுத்த மாத்திரை இல்லை. அந்த முத்திரையை மாற்ற வழி இருக்கிறது. பயத்தைக் கிளப்பும் எண்ணங்களைக் கையாளப் பழக்கும் சிபிடி என்ற மனப்பயிற்சி, சத்தத்தைக் குறைக்காவிட்டாலும் அது தரும் அவதியைக் குறைக்கிறது. அதோடு, சித்தப்பா இரவில் மழைச் சத்தத்தை மெல்ல ஓடவிட்டார், காதிரைச்சலை மூழ்கடிக்காத அளவுக்கு. முழுக்க மறைத்துவிட்டால் மூளைக்கு அதோடு பழக வாய்ப்புக் குறையும் என்பது ஒரு கருத்து. காதுக்கருவியும் பொருத்திக்கொண்டார்.

ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது டாக்டரிடம் காட்டியே ஆகவேண்டும். திடீரென்று காது அடைத்துக் கேட்காமல் போனால் அன்றைக்கே ஓடவேண்டும். அதற்கான சிகிச்சை நாள் கடக்கக் கடக்கப் பலிக்கும் வாய்ப்பு குறையும்.

நாலு மாசம் கழித்து, “இன்னும் கேக்குதுங்களா சித்தப்பா?” என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கவனித்தார்.

“இப்ப நீ கேட்டதும் கேக்குது.”