நகல் பிரிவிலிருந்து மெய்ப்பு மேசைக்கு

ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுத்தர் ஒருவர், பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்தவருக்கு எழுதிய கடிதம் நகல் பிரிவின் ஒப்புநோக்கும் வேலையைப் பற்றியது. தீர்ப்பின் நகல் தட்டச்சாகி வந்தவுடன் அதில் 'உண்மை நகல்' என்ற முத்திரை விழுந்துவிடாது. ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். இன்னொருவர் நகலில் வரிவரியாகத் தொடர்ந்து வருவார். தனியாகப் படிப்பவரின் மனம், தான் எதிர்பார்க்கும் சொல்லையே தாளில் கண்டுவிடும். இன்னொருவர் குரலைக் கேட்டுக்கொண்டே பார்த்தால் அந்த அவசரம் அடங்கும்.

அப்படியும் தப்பிவிடும் பிழைகள் உண்டு. 'பிரதிவாதி' என்பதில் 'பிரதி' விழுந்துபோனால் மிஞ்சுவது 'வாதி'. எழுத்துப்பிழை எதுவும் இல்லை; ஆனால் பணம் கொடுக்க வேண்டியவரே மாறிவிடுகிறார். அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் முடிந்தால், கண் முதல் வரியிலிருந்து மூன்றாவதற்குத் தாவும். நடுவரி காணாமல் போகும், வாக்கியமோ பல நேரம் பொருந்தியே நிற்கும். அதனால்தான் மூலத்தில் படிக்கும் வரிக்குக் கீழே அடிக்கோல் வைத்து நகர்த்தச் சொல்கிறார் எழுத்தர்.

கடிதத்தில் அதிக இடம் எண்களுக்கே, அது நியாயமும்கூட. சொல் தவறினால் வாக்கியம் சில சமயம் காட்டிக்கொடுக்கும். எண் தவறினால் அதன் முகத்தில் ஒன்றும் தெரியாது. சொத்து விவரத்தில் 'ஹெக்டேர் 0.40.5' என்று இருப்பதாகக் கொள்வோம். அது 40.5 ஏர்ஸ், ஏறத்தாழ ஒரு ஏக்கர். நகலில் 0.04.5 என்று இடம் மாறினால் நிலம் சுமார் 11 சென்ட்டாகச் சுருங்கிவிடும். இதைத் தடுக்க இரண்டு வழிகள். முதலாவது, எண்ணை 'பூஜ்யம், புள்ளி, நான்கு, பூஜ்யம், புள்ளி, ஐந்து' என்று ஒவ்வொன்றாகப் படிப்பது. இரண்டாவது, அதே ஆவணத்தில் அந்த எண்ணுக்குச் சாட்சி தேடுவது. பக்கத்திலேயே 'ஏக்கர் 1.00' என்று இருந்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். புத்தகத்தில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் வயதும் வரும் இடத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் செய்ய வேண்டியதும் இந்தக் கழித்தலைத்தான்.

பிழை மூலத்திலேயே இருந்தால்? நகல் எடுப்பவர் அதைத் திருத்தக் கூடாது. உள்ளபடியே எழுத வேண்டும். தீர்ப்பிலுள்ள எழுத்துப் பிழையையும் கணக்குப் பிழையையும் திருத்தும் அதிகாரம் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் 152ஆம் பிரிவின்படி நீதிமன்றத்துக்கு உரியது. பதிப்பகத்தில் அந்த இடம் நூலாசிரியருடையது. எனவே மெய்ப்புப் பார்ப்பவர் ஐயத்தை ஓரத்தில் கேள்விக்குறியோடு எழுதி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை மூலத்தில் உள்ளதே நிற்கும்.