படத்தின் ஓரத்தில் அறுபட்ட சொற்கள்: எதை மொழிபெயர்க்கலாம், எதை ஊகம் எனக் குறிக்க வேண்டும்?

அறிவிப்புப் பலகை, ரசீது, அரசு ஆணை போன்றவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பி, அதன் பொருளை மொழி தெரிந்தவரிடம் கேட்பது இன்று வழக்கமாகிவிட்டது. அத்தகைய படங்களில் ஓரத்துச் சொற்கள் பாதியில் அறுபட்டிருப்பதும் உண்டு. விடுபட்ட பகுதியை மொழிபெயர்ப்பவர் தாமாகவே நிரப்பிவிட்டால், பொருள் முற்றிலும் தலைகீழாகலாம்.

இரண்டு எழுத்தில் இரு பொருள்

'15 வர்ஷ் தக் கே பச்சோன் கா பிரவேஷ் நி...' என்ற இந்தி வரியுடன் படம் முடிவதாகக் கொள்வோம். '15 வயது வரையிலான குழந்தைகளுக்கு நுழைவு' என்பது வரை ஐயமில்லை. ஆனால் 'நி' என்று தொடங்கும் கடைசிச் சொல் 'நிஷுல்க்' என்றால் இலவசம். 'நிஷேத்' என்றால் தடை. இரண்டுமே பலகைகளில் அன்றாடம் காணப்படும் சொற்கள்.

இங்கு முதலில் கவனிக்க வேண்டியது எழுத்தின் எச்சத்தை. இந்தி எழுத்துகளின் மேல் செல்லும் தலைக்கோடு படத்தின் விளிம்பு வரை நீண்டிருந்தால், சொல் இன்னும் முடியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். 'நி' என்பதை அடுத்து மேலும் கீழுமாக இரு புள்ளிகள் தெரிந்தால், அது 'இலவசம்' என்பதற்கான சொல்லே. புள்ளிகள் இல்லை என்பதற்காக அதைத் 'தடை' என்று முடிவு செய்ய இயலாது. பலர் அந்தப் புள்ளிகளை இடாமலே எழுதுகின்றனர்.

அடுத்தது சூழல். இந்தியத் தொல்லியல் துறை பராமரிக்கும் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. எனவே படம் அத்தகைய இடத்தின் சீட்டு வழங்குமிடத்தில் எடுக்கப்பட்டது எனில் 'இலவசம்' என்பதே பொருத்தமான ஊகம். அதே வரி ஒரு தொழிற்சாலை வாயிலில் இருந்தால் 'தடை' என்பதற்கே வாய்ப்பு அதிகம். எப்படியாயினும் இது ஊகமே என்பதால், மொழிபெயர்ப்பைக் கீழ்க்கண்டவாறு எழுதுவதே முறை:

'15 வயது வரையிலான குழந்தைகளுக்கு நுழைவு [இலவசம்? சொல் அறுபட்டுள்ளது, 'தடை' எனவும் இருக்கலாம்]'.

தமிழிலும் இதே சிக்கல்

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் வினைச்சொல்லின் இறுதியில் வருகிறது. 'அனுமதிக்கப்ப...' என்று அறுபட்ட சொல் 'அனுமதிக்கப்படும்' ஆகவும் இருக்கலாம், 'அனுமதிக்கப்படாது' ஆகவும் இருக்கலாம். இத்தகைய இடத்தில் சூழல் தெளிவாக இல்லையெனில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இரண்டையும் தருவதே சரி.

மாறாக, 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழ...' என்று அறுபட்டிருந்தால் 'கழகம்' என்பதைத் தவிர வேறு சொல் பொருந்தாது. இதனைத் தயங்காமல் மொழிபெயர்க்கலாம். நிரப்பிய எழுத்துகளை மட்டும் 'கழ[கம்]' என்று சதுர அடைப்புக்குறிக்குள் இட்டால் போதும். சிதைந்த கல்வெட்டுகளையும் ஏடுகளையும் பதிப்பிக்கும் அறிஞர்களும் தாங்கள் ஊகித்து நிரப்பிய எழுத்துகளை இவ்வாறே காட்டுகின்றனர். நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1931ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட குறியீட்டு முறையிலும் இதற்குச் சதுர அடைப்புக்குறியே பயன்படுகிறது.

எண்களை நிரப்பக் கூடாது

சொற்களை ஊகிக்கச் சூழல் உதவும். எண்களுக்கு அந்த உதவி கிடைப்பது அரிது. ஒரு ரசீதின் வலது ஓரத்தில் 'ரூ.1,50' என்பது வரை தெரிந்தால், அத்தொகை 1,500 ரூபாயாகவும் இருக்கலாம், 1,50,000 ரூபாயாகவும் இருக்கலாம். '1,50,' என இரண்டாவது காற்புள்ளியும் தெரிந்தால் மட்டுமே தொகை லட்சம் அல்லது அதற்கு மேல் என்று கூற இயலும். அப்போதும் சரியான தொகை தெரியாது.

இடது ஓரம் அறுபட்டிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். மருந்துச் சீட்டில் '5 மி.கி.' என்று தெரிவது உண்மையில் 25 அல்லது 0.5 மி.கி. ஆக இருக்கலாம். எண் முழுமையானது போலத் தோன்றுவதால் ஐயமே எழாது. எண்ணுக்கு முன்னே வெற்றிடம் தெரிகிறதா என்று பார்த்து, இல்லையெனில் '[எண்ணின் முற்பகுதி தெரியவில்லை]' என்று குறிப்பிட வேண்டும். மருந்தின் அளவு, தேதி, வங்கிக் கணக்கு எண், ஆட்பெயர் ஆகியவற்றுக்கு இவ்விதி விலக்கின்றிப் பொருந்தும்.

முதலில் செய்ய வேண்டியது

உரையாடல் செயலிகள் நீளமான படங்களை முன்னோட்டத்தில் ஓரம் வெட்டிக் காட்டுவதுண்டு. படத்தை முழுமையாகத் திறந்தால் விடுபட்ட சொல் அங்கேயே இருக்கக்கூடும். அப்போதும் தெரியாவிட்டால், பலகையின் நான்கு ஓரங்களும் தெரியும்படி மீண்டும் படம் எடுத்து அனுப்பக் கேட்பதே சிறந்தது. அதற்கு வழியில்லாதபோது, தெரிந்ததை மொழிபெயர்த்து, ஊகித்ததைக் குறித்து, தெரியாததை வெற்றிடமாக விட்டுத் தர வேண்டும்.