கடவுச்சீட்டும் ஆறு மாத விதியும்: பயண நாளில் சரிபார்ப்பது எப்படி

ஆறு மாத விதி என்பது, ஒரு நாட்டுக்குள் நுழையும் பயணியின் கடவுச்சீட்டு அன்றைய நாளில் செல்லுபடியாக இருந்தால் மட்டும் போதாது, அதற்குப் பிறகும் குறைந்தது ஆறு மாதங்கள் செல்லுபடியாக வேண்டும் எனப் பல நாடுகள் வைத்திருக்கும் நிபந்தனை ஆகும். இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம், இந்தோனேசியா ஆகியவை இவ்விதியைப் பின்பற்றும் நாடுகளில் சில. இந்தியாவுக்கு மின்னணு விசாவில் வரும் வெளிநாட்டவருக்கும் இதே நிபந்தனை உண்டு.

கடவுச்சீட்டு இன்னும் உயிருடன்தானே இருக்கிறது, ஐந்து நாளில் திரும்பிவிடப் போகிறேன், பிறகென்ன தடை என்ற கேள்வி நியாயமானதே. வந்தவர் நோயுற்றோ, வழக்கில் சிக்கியோ, வேண்டுமென்றோ தங்கிவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பச் செல்லுபடியாகும் ஆவணம் வேண்டும் என்பதே விதியின் பின்னணி. அந்த இடைவெளியைத்தான் நாடுகள் ஆறு மாதம் என்று வைத்துக்கொண்டுள்ளன.

ஓர் எடுத்துக்காட்டு

சென்னையிலிருந்து ஒரு குடும்பம் 2026 மே 15 அன்று கொழும்புக்கு ஒரு திருமணத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். பெற்றோர் இருவரின் கடவுச்சீட்டுகளும் 2031 வரை செல்லும். மகளின் கடவுச்சீட்டு 12/11/2021 அன்று வழங்கப்பட்டது. இந்தியாவில் பெரியவர்களுக்குப் பத்தாண்டுக்குக் கடவுச்சீட்டு தரப்படுகிறது. சிறுவர்களுக்கோ பொதுவாக ஐந்தாண்டு, அல்லது பதினெட்டு வயது நிறையும் வரை, எது முந்தியதோ அதுவரைதான். ஆகவே மகளின் கடவுச்சீட்டு 11/11/2026 அன்று முடிகிறது. வழங்கிய நாளுக்கு ஒரு நாள் முந்தைய நாளே முடியும் நாள் என்பதையும் இங்கே கவனிக்கலாம்.

இலங்கை தன் விதியை வந்து சேரும் நாளிலிருந்து கணக்கிடுகிறது. மே 15இலிருந்து ஆறு மாதம் கூட்டினால் நவம்பர் 15. கடவுச்சீட்டு முடிவது நவம்பர் 11. நான்கு நாள் குறைகிறது. பெற்றோர் "நவம்பர் வரை இருக்கிறதே, மே முதல் நவம்பர் ஆறு மாதம்தானே" என்று மாதத்தின் பெயரை மட்டும் விரலில் எண்ணியிருப்பார்கள். இந்தத் தவறு நடப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

இதைத் தவிர்க்க, கணக்கைத் திருப்பிப் போடுவது எளிது. பயண நாளிலிருந்து முன்னோக்கிக் கூட்டுவதற்குப் பதிலாக, கடவுச்சீட்டு முடியும் நாளிலிருந்து ஆறு மாதத்தைப் பின்னோக்கிக் கழிக்க வேண்டும். 11/11/2026இலிருந்து கழித்தால் 11/05/2026 கிடைக்கும். அந்த நாள்தான் ஆறு மாத விதி உள்ள நாட்டில் அம்மகள் போய் இறங்கக்கூடிய கடைசி நாள். ஒருமுறை கணக்கிட்டு ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டின் உறைக்குள் வைத்துவிட்டால், பிறகு எந்தப் பயணத்துக்கும் அந்த நாளோடு ஒப்பிட்டால் போதும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுத வேண்டும். குடும்பத்தலைவரின் கடவுச்சீட்டை மட்டும் பார்த்துவிட்டு எல்லாருக்கும் சீட்டு எடுப்பவர்கள் பலர். சிக்குவது சிறுவர்களின் ஐந்தாண்டுக் கடவுச்சீட்டுதான்.

விரிதாளில் A2 கட்டத்தில் முடியும் நாளை இட்டால், கீழ்க்காணும் வாய்பாடு அந்தக் கடைசி நாளைத் தரும்.

```
=EDATE(A2,-6)
```

எந்த நாளிலிருந்து எண்ணுவது

ஆறு மாதம் என்ற எண் ஒன்றாக இருந்தாலும், அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. அமீரகமும் இலங்கையும் வந்து சேரும் நாளிலிருந்து எண்ணுகின்றன. வேறு சில நாடுகள் தங்கும் காலம் முடியும் நாளிலிருந்து, அதாவது அந்நாட்டைவிட்டுப் புறப்படும் நாளிலிருந்து எண்ணுகின்றன. மேலே சொன்ன மகள் 2026 மே 9 அன்று சென்று மே 14 அன்று திரும்புவதாக இருந்தால், முதல் வகை நாட்டில் அவர் தடையின்றி நுழையலாம். இரண்டாம் வகை நாட்டில் முடியாது. ஆகவே போகும் நாட்டின் விதியைப் படிக்கும்போது "ஆறு மாதம்" என்ற சொல்லுக்கு அடுத்து வரும் சொற்களையே உற்றுப் பார்க்க வேண்டும். அது தெளிவாக இல்லையென்றால் திரும்பும் நாளை வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. அவ்வாறு கணக்கிட்டவர், பிறகு திரும்பும் சீட்டைத் தள்ளிப்போட்டால் மறுபடியும் பார்க்க வேண்டும்.

வந்து சேரும் நாள் என்பது சென்னையில் விமானம் ஏறும் நாள் அன்று. இரவு 9.50க்குச் சென்னையில் புறப்படும் விமானம் நாலேகால் மணி நேரம் பறந்து, துபாய் நேரப்படி நள்ளிரவு 12.35க்கு இறங்கும். கணக்கில் எடுக்கப்படுவது அந்த மறுநாள். கடைசி நாளிலேயே பயணம் வைத்துக்கொண்டவருக்கு விமானம் சில மணி நேரம் தாமதமானாலும் இதே நிலைதான்.

மாதத்தை நாள்களாக மாற்றி எண்ணுவதும் ஆபத்து. ஆறு மாதம் என்றால் 180 நாள் என்று பலர் கொள்கிறார்கள். நாட்காட்டியில் ஆறு மாதம் என்பது, தொடங்கும் நாளைப் பொறுத்து, 181 முதல் 184 நாள் வரை வரும். ஒருபோதும் 180 ஆக இருப்பதில்லை. 180 நாள் கணக்கில் தப்பியவர் மாதக் கணக்கில் நான்கு நாள் வரை குறைவாக இருக்கக்கூடும்.

மாத இறுதியில் இன்னொரு சிக்கல் உண்டு. 28/02/2027 அன்று முடியும் கடவுச்சீட்டோடு ஒருவர் 2026 ஆகஸ்ட் 30 அன்று இறங்குகிறார். ஆறு மாதம் கழித்து பிப்ரவரி 30 என்று ஒரு நாள் இல்லை. முன்னோக்கிக் கணக்கிடும் விரிதாள் அதைப் பிப்ரவரி 28 எனச் சுருக்கிக்கொள்ளும். அப்படியானால் அவர் தேறிவிடுகிறார். பின்னோக்கிக் கழித்தால் கடைசி நாள் ஆகஸ்ட் 28 என்று வரும், அவர் தேறவில்லை. முகப்பில் இருப்பவர் எப்படி எண்ணுவார் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. இரண்டில் கடுமையான விடையை எடுத்துக்கொள்வதே முறை. பின்னோக்கிக் கழிப்பதைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

விமான நிலையத்தில் யார் பார்ப்பது

விதி போகும் நாட்டினுடையது என்றாலும், முதலில் தடுப்பது பெரும்பாலும் விமான நிறுவனத்தின் முகப்புதான். நுழைய அனுமதியில்லாத ஒருவரை ஏற்றிச் சென்றால் அவரைத் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு அந்நிறுவனத்தையே சேரும். பல நாடுகள் அபராதமும் விதிக்கின்றன. அதனால் முகப்பு ஊழியர், பன்னாட்டு வான் போக்குவரத்துச் சங்கத்தின் டிமாட்டிக் என்னும் தரவுத்தளத்தில் உள்ள விதியைப் பயணியின் குடியுரிமை, செல்லும் நாடு, முடியும் நாள் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறார். அங்கே "நான்கு நாள்தானே" என்று வாதிட்டுப் பயனில்லை. விட்டுக்கொடுக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. விசா கையில் இருப்பதும் உதவாது. விசா வேறு நிபந்தனை, கடவுச்சீட்டின் காலம் வேறு நிபந்தனை.

வழியில் மாறும் நாடும் கணக்கில் வரலாம். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனிச் சீட்டு எடுத்து, இடையில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால், அந்த நாட்டுக்குள் நுழைய நேரிடும். அப்போது அதன் விதியும் பொருந்தும்.

விதி பொருந்தாத இடங்கள்

ஆறு மாதம் இல்லாவிட்டால் எங்கும் போக முடியாது என்பதும் தவறு. பிரித்தானியாவுக்குத் தங்கும் காலம் முழுவதும் கடவுச்சீட்டு செல்லுபடியானால் போதும். ஐரோப்பாவின் செங்கன் நாடுகள், அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் கேட்கின்றன. கூடவே, கடவுச்சீட்டு கடந்த பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் கேட்கின்றன. இந்தியக் கடவுச்சீட்டுக்கு இது பெரிய தொல்லையில்லை. பழைய கடவுச்சீட்டின் மிச்ச மாதங்களைப் புதியதில் சேர்த்துப் பெற்ற பிரித்தானியர்கள்தாம் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

அமெரிக்கா தனிக் கதை. அதன் சட்டம் தங்கும் காலத்துக்குப் பின் ஆறு மாதம் கேட்கிறது. ஆனால் ஒரு பட்டியலில் உள்ள நாடுகளுக்கு விலக்கு அளிக்கிறது. இந்தியாவும் இலங்கையும் அப்பட்டியலில் உள்ளன. ஆகவே அந்நாட்டினர் தங்கும் காலம் வரை கடவுச்சீட்டு செல்லுபடியானாலே நுழையலாம். ஆனால் வேலை விசாவில் செல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விசாவுக்கு மூன்றாண்டு இருந்தாலும், கடவுச்சீட்டு அடுத்த ஆண்டே முடிந்தால், எல்லை அதிகாரி I-94 பதிவில் அந்த முடியும் நாளையே தங்கும் இறுதி நாளாக இடக்கூடும். அதைப் பார்க்காமல் இருப்பவர் தாம் அறியாமலே அனுமதிக் காலத்தைத் தாண்டிவிடுவார்.

காலம் போதாவிட்டால்

இந்தியாவில், முடியும் நாளுக்கு ஓராண்டு முன்பிருந்தே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம். மிச்ச மாதங்கள் புதியதில் சேர்க்கப்படுவதில்லை. ஆறு மாதத்தைக் காப்பாற்ற எண்ணிக் காத்திருப்பவர்கள் இறுதியில் பயன்படாத மாதங்களைத்தான் காக்கிறார்கள். அவசரத்துக்கு 36 பக்கக் கடவுச்சீட்டின் வழக்கமான 1,500 ரூபாயோடு 2,000 ரூபாய் கூடுதலாகக் கட்டித் தட்கல் முறையில் விண்ணப்பிக்கலாம். சிறுவருக்கான கட்டணம் இதனின்றும் வேறுபடும்.

புதிய கடவுச்சீட்டின் எண் புதியது. மேற்சொன்ன குடும்பம் மகளுக்குப் புதிய கடவுச்சீட்டு வாங்கிவிட்டு, பழைய எண்ணில் பெற்ற இலங்கையின் மின்னணுப் பயண அனுமதியோடு சென்றால், எண் பொருந்தாமல் முகப்பில் மறுபடியும் நிற்க வேண்டியிருக்கும். அனுமதியைப் புதிய எண்ணில் பெற்று, விமானச் சீட்டுப் பதிவிலும் எண்ணை மாற்ற வேண்டும். பழைய கடவுச்சீட்டில் அமெரிக்க விசா ஒட்டப்பட்டிருந்தால் நிலைமை வேறு. விசா சேதமின்றிக் காலம் மிஞ்சியிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்தே கொண்டு செல்லலாம். மூலை வெட்டி இரத்துச் செய்யப்பட்டது என்று அந்தப் பழைய கடவுச்சீட்டைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.