இருநூற்றைம்பதாவது பஃப்ஸ்

பஃப்ஸ் மட்டும் விற்கும் ஒரு சின்ன பேக்கரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். விலை 20 ரூபாய். மைதா, மார்கரின், மசாலா, கேஸ் எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு 12 ரூபாய் செலவு. மீதி 8 ரூபாய்க்குப் பங்களிப்பு என்று பெயர். அது உடனே லாபமாகிவிடாது; முதலில் வாடகையையும் மாஸ்டர் சம்பளத்தையும் அடைக்க வேண்டும்.

ஒன்றுமே விற்காவிட்டாலும் மாதம் 60,000 ரூபாய் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அதை 8-ஆல் வகுத்தால் 7,500. நாளுக்கு 250. இதுதான் லாப நட்டமில்லாப் புள்ளி.

கடையில் தினம் 300 விற்கிறது. ஆக, விற்பனை 50 குறையும்வரை நட்டமில்லை. இந்தப் பாதுகாப்பு எல்லை விற்பனையில் சுமார் 17 சதவீதம். மாத லாபம் 12,000 ரூபாய்.

காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் 300 விற்க 320 சுட்டு, மிஞ்சிய 20-ஐத் தூக்கிப்போட்டால்? தினம் 240 ரூபாய் குப்பைக்குப் போகிறது. அதை விற்றவற்றின் மேல் ஏற்றினால் ஒன்றின் செலவு 12.80 ஆகிறது, பங்களிப்பு 7.20 ஆகச் சுருங்குகிறது. இப்போது நாளுக்கு 278 விற்றால்தான் கையைக் கடிக்காது. பாதுகாப்பு எல்லை 7 சதவீதத்துக்குச் சரிய, லாபத்தில் மிஞ்சுவது 4,800 ரூபாய். கல்லாவில் விழும் பணமோ முன்பிருந்த அதே 6,000 ரூபாய்தான். அதனால் முதலாளி கண்ணில் இது எளிதில் படாது.