ஒரே கணக்கு எண் இருமுறை

ஆயிரம் தொழிலாளர்களுக்குச் சம்பளம் வழங்கும் நிறுவனம் ஒன்று, கணக்கு எண், பெயர், தொகை ஆகியவற்றை ஒரே எக்செல் கோப்பில் எழுதி மாதந்தோறும் வங்கிக்கு அனுப்புகிறது எனக் கொள்வோம். அதில் ஒருவரது கணக்கு எண் இருமுறை இடம்பெற்றுவிட்டால் சம்பளமும் இருமுறை போய்ச் சேரும். அனுப்பியவரின் பிழையால் வரவான பணத்தை மீட்பதற்குப் பொதுவாகப் பெற்றவரின் ஒப்புதல் தேவை. ஆகவே, கோப்பை அனுப்பும் முன்பே இரட்டைப் பதிவைக் கண்டறிந்தாக வேண்டும்.

எண்கள் முன்பின்னாகக் கிடக்கும் பட்டியலில் இது எளிதன்று. முதல் எண்ணை மற்ற 999 எண்களோடும், இரண்டாவதை எஞ்சிய 998 எண்களோடும் ஒப்பிட வேண்டும். இவ்வாறு இறுதிவரை சென்றால் மொத்தம் 4,99,500 ஒப்பீடுகள். வினாடிக்கு ஒன்று என்றாலும் 138 மணி நேரத்திற்கு மேல் ஆகும்.

அதே பட்டியலைக் கணக்கு எண்ணின்படி ஏறுவரிசையில் அடுக்கிவிட்டால், ஒரே எண்கள் அடுத்தடுத்து வந்து நின்றுவிடும். வேறு இடத்தில் அவை இருக்க வழியில்லை. எனவே ஒவ்வோர் எண்ணையும் அதற்கு மேலுள்ள எண்ணோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். 999 ஒப்பீடுகள், பதினேழு நிமிடங்களுக்குள் முடியும். அடுக்குவதற்கும் உழைப்பு உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் நல்ல முறையில் அடுக்கினால் அது பத்தாயிரம் ஒப்பீடுகளைத் தாண்டாது; அதையும் கணினியே நொடியில் செய்துவிடும். கணக்கு எண்கள் A பத்தியில் இருப்பின், காலியான ஒரு பத்தியின் மூன்றாம் வரியில் பின்வருமாறு எழுதிக் கீழ்வரை நகலெடுக்கலாம்:

```
=A3=A2
```

TRUE எனத் தோன்றும் வரிகளே நாம் பார்க்க வேண்டியவை.

பெயரின்படி அடுக்கினால் இப்பயன் கிட்டாது. "எஸ். முருகன்" ஓரிடத்திலும் "முருகன் எஸ்." வேறிடத்திலும் போய் நிற்பர். மேலும், கணக்கு எண் பத்தியை மட்டும் தனியே அடுக்கிவிடக் கூடாது. முழு வரியும் சேர்ந்தே நகர வேண்டும். இல்லையேல் ஒருவர் தொகை மற்றொருவர் கணக்குக்குப் போய்விடும்.

எக்செல் எண்களில் பதினைந்து இலக்கங்களையே காக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பதினாறு இலக்கக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடுவதால், இரு வேறு கணக்குகள் ஒன்றுபோல் தோன்றும். முன்னே நிற்கும் பூஜ்யங்களும் மறைந்துவிடும். எண்களைப் பதியும் முன்பே அப்பத்தியை Text வடிவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இழந்த இலக்கம் பின்னர் மாற்றினால் திரும்பாது.

தேடலிலும் இதே ஆதாயம் உண்டு. அடுக்கிய பட்டியலின் நடு எண்ணைப் பார்த்தால், நாம் தேடுவது எந்தப் பாதியில் உள்ளது எனத் தெரிந்துவிடும். ஆயிரம் ஐந்நூறாகி, ஐந்நூறு இருநூற்றைம்பதாகி, பத்தே பார்வையில் விடை கிடைக்கும். ஒரே ஓர் எண்ணை ஒரே முறை தேடுவதற்காக அடுக்குவது வீண் வேலை. மேலிருந்து கீழாகப் பார்ப்பதே அதற்குப் போதும்.

இரட்டையாகத் தெரிவதெல்லாம் பிழையுமன்று. ஒரே நிறுவனத்தில் பணிபுரியும் கணவனும் மனைவியும் கூட்டுக் கணக்கு ஒன்றையே கொடுத்திருக்கலாம். அவ்வரிகளை நீக்கும் முன் சம்பளப் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது அவசியம்.